மறுநாள் காலை என்ன செய்தேன்?

என் முதல் வரைவைப் படித்து முடித்த மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எல்லாம் சரிம்மா. அந்த அம்மாவைப் பார்த்த மறுநாள் காலையில் உன் கிளினிக்ல நீ என்ன செஞ்சே? அது இதுல எங்க இருக்கு?" என்றார்.

ஒரே ஒரு பக்கம். அதை எழுத எனக்கு ஐந்து வாரம் ஆகியிருந்தது. அவர் கேட்டதற்கு அந்தப் பக்கத்தில் பதில் இல்லை.

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் 11 ஆண்டுகள் பொது மருத்துவராக இருந்தேன். 2021இல் கணவரின் வேலைக்காக அமெரிக்கா வந்தேன். இப்போது இங்கே மனநல மருத்துவத்தில் பயிற்சி மருத்துவராக இருக்கிறேன். நடுவில் நான் கடந்த தேர்வுகளைப் பற்றி ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். அந்த ஒரு பக்கத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை. தேர்வுக்குப் பாடநூல் உண்டு, பயிற்சி வகுப்பு உண்டு. ஒரு துறையில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு இன்னொன்றுக்குப் போக நினைக்கும் மருத்துவர், "நான் ஏன் மாறுகிறேன்" என்று எழுத வேண்டிய கடிதத்துக்கு எதுவும் கிடையாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கடிதம் எங்கே வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் எம்.டி. இடம் கிடைப்பது நீட் பி.ஜி. தரவரிசையால். மதிப்பெண், கவுன்சலிங், மீதமிருக்கும் இடம், அவ்வளவுதான். மனநல மருத்துவத்தை எடுக்கிறவரிடம் ஏன் எடுக்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் மேற்படிப்புப் பயிற்சிக்கு ரெசிடென்சி என்று பெயர். வெளிநாட்டில் படித்து எத்தனை ஆண்டு நோயாளிகளைப் பார்த்திருந்தாலும், பெரும்பாலும் அதன் முதலாம் ஆண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். மனநல மருத்துவத்துக்கு அது நான்கு ஆண்டுகள். செப்டம்பரில் ஈராஸ் என்ற பொது இணையதளம் வழியாக ஒவ்வொரு மருத்துவமனையின் பயிற்சித் திட்டத்துக்கும் விண்ணப்பிக்கிறோம். அவர்கள் சிலரை நேர்காணலுக்கு அழைக்கிறார்கள். பிறகு நாம் அவர்களை வரிசைப்படுத்துகிறோம், அவர்கள் நம்மை வரிசைப்படுத்துகிறார்கள். இரண்டு பட்டியலையும் கணினி சேர்த்துப் பார்த்து, மார்ச் மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை யாருக்கு எங்கே இடம் என்று அறிவிக்கிறது. இதற்கு மேட்ச் என்று பெயர். 1952இலிருந்து நடக்கிறது.

அந்த விண்ணப்பத்தில் தேர்வு முடிவுகள், பரிந்துரைக் கடிதங்கள், அனுபவப் பட்டியல் ஆகியவற்றோடு போவதுதான் பர்சனல் ஸ்டேட்மென்ட். இணையதளம் 28,000 எழுத்துகள் வரை இடம் தருகிறது. யாரும் அதை நம்பி எழுதக் கூடாது. ஒரு பக்கம், ஏறத்தாழ 700 ஆங்கிலச் சொற்கள் என்பதுதான் எழுதாத வழக்கம். வாசிக்கிறவர் தன் வார்டு வேலைக்கு நடுவில், அடுக்கடுக்காக வந்த விண்ணப்பங்களில் ஒன்றாக இதைத் திறக்கிறார். 2022 ஜனவரி முதல் முதற்கட்டத் தேர்வுக்கு மதிப்பெண் தருவதை நிறுத்திவிட்டார்கள், தேர்ச்சி அல்லது தோல்வி மட்டுமே. அதனால் மற்ற தாள்களை முன்பைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டிய நிலை அவர்களுக்கு.

இந்தக் கடிதத்தால் ஆகாத காரியம் ஒன்று உண்டு, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பட்டம் பெற்று ஐந்து ஆண்டுக்குள் இருக்க வேண்டும் என்று பல பயிற்சித் திட்டங்கள் வரம்பு வைத்திருக்கின்றன. நான் பட்டம் பெற்றது 2009இல், விண்ணப்பித்தது 2023இல். வரம்பு வைத்த இடங்களில் என் விண்ணப்பத்தை ஒருவரும் திறந்திருக்க மாட்டார்கள். எவ்வளவு நன்றாக எழுதினாலும் அந்தக் கதவு திறக்காது. வரம்பு இல்லாத திட்டங்களை ஒவ்வொன்றாகத் தேடி, சந்தேகம் இருந்த இடங்களுக்கு மின்னஞ்சலில் கேட்டுத்தான் பட்டியல் போட்டேன். துறை மாறும் மூத்த மருத்துவர்கள் கடிதத்தில் கை வைக்கும் முன்பு செய்ய வேண்டியது இது. நான் பின்னால்தான் செய்தேன். இரண்டு வாரம் வீணாயிற்று.

இனி அந்தப் பக்கம்.

என் முதல் வரைவு, சிறு வயதில் எங்கள் வீட்டில் மனம் சரியில்லாமல் இருந்த ஒரு பெரியம்மாவிடம் தொடங்கியது. அங்கிருந்து மருத்துவக் கல்லூரி, பிறகு கிளினிக், ஒருநாள் ஒரு நோயாளி, அவரால் எனக்குள் ஏற்பட்ட மாற்றம், கடைசியில் மனநல மருத்துவத்தின் மேல் எனக்குள்ள பற்று. படித்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் பெரியம்மாவைப் பார்த்தது எட்டு வயதில். அப்போதே மனநல மருத்துவம் என்னை இழுத்தது என்றால் 14 ஆண்டுகள் ஏன் வேறு வேலை பார்த்தேன்? புதிதாகப் பட்டம் வாங்கிய பிள்ளைக்குப் பொருந்தும் தொடக்கம், எனக்கு எதிராகவே சாட்சி சொன்னது. மேடம் அந்தப் பத்தியின் மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

அடுத்த வரைவில் வேறு தவறு செய்தேன். ஏன் மாறுகிறேன் என்பதை விளக்கப் போய், விட்டு வருகிற வேலையைக் குறை சொன்னேன். ஒரு நோயாளிக்கு நாலு நிமிடம், ஊசி போடச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறவர்கள், ஒரே மாதிரியான காய்ச்சலும் இருமலும், மனசுக்கு நிறைவில்லை என்று எழுதியிருந்தேன். "பழைய வீட்டைக் குறை சொல்லிட்டே வர்ற மருமகளை யாரும்மா நம்புவாங்க? நாலு வருஷம் கழிச்சு எங்களையும் இப்படித்தான் எழுதுவேன்னு நினைப்பாங்க" என்றார் மேடம். அவர் இங்கே 20 ஆண்டுகளுக்கு மேல் மனநல மருத்துவராக இருக்கிறவர், விண்ணப்பங்களைப் படிக்கும் குழுவில் உட்கார்ந்தவர். அவர் சொன்னதில் இன்னொரு உண்மையும் இருந்தது. அந்த 11 ஆண்டுகளைக் குறையாகக் காட்டினால், என்னிடம் இருக்கும் ஒரே சொத்தை நானே தூக்கி எறிகிறேன். 25 வயது விண்ணப்பதாரரிடம் இல்லாதது அதுதான்.

இதற்குப் பிறகுதான் மறுநாள் காலை என்ற கேள்விக்கு வந்தேன்.

கடிதத்தில் நான் எழுதிய அந்த அம்மாவை இங்கேயும் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் பட்டுப்புழு வளர்க்கும் வீடுகள் நிறைய. அவரும் அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்தவர். 2017இல் ஐந்து மாதத்தில் ஒன்பது முறை வந்தார். "ஏனுங்க டாக்டரம்மா, உடம்பெல்லாம் ஒரே எரிச்சலுங்க" என்பார். தலை கிறுகிறுக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, சோறு இறங்கவில்லை. ரத்தம் பார்த்தேன், தைராய்டு பார்த்தேன், சர்க்கரை பார்த்தேன், இ.சி.ஜி. எடுத்தேன். எல்லாம் சரியாக இருந்தன. சத்து ஊசி போட்டு அனுப்பினேன், ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, ஏழு தடவை.

தூக்கம் எப்படி என்று முன்பே ஒருமுறை கேட்டிருந்தேன். "புழு வேலைங்க, தூக்கம் எங்கீங்க" என்றார். உண்மைதான். புழு கடைசிப் பருவத்தில் இருக்கும்போது இரவிலும் எழுந்து மல்பெரித் தழை போட வேண்டும். அந்தப் பதிலோடு நான் நிறுத்திக்கொண்டேன். ஒன்பதாவது முறை வந்தபோது கூடு விற்று மூன்று வாரம் ஆகியிருந்தது. அவரே பேச்சுவாக்கில் சொன்னார். அப்போது கேட்டேன், "இப்ப புழு இல்லையே, இப்பத் தூங்கறீங்களா?" அவர் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் விடியும் வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பதாகச் சொன்னார். கிணற்றைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்றார். கிணற்றில் விழுந்துவிடுவேனோ என்ற பயம் அது.

மனச்சோர்வு எங்கள் ஊரில் மனச்சோர்வு என்ற பெயரில் வருவதில்லை. எரிச்சலாக, வாயுவாக, படபடப்பாக, கை கால் ஓய்ச்சலாக வருகிறது. பொய் எதுவும் இல்லை, உடம்பு உண்மையாகவே வலிக்கிறது. காரணம் இருந்தால் தூக்கம் கெடும், காரணம் போனால் திரும்பி வரும். காரணம் போன பிறகும் திரும்பாத தூக்கம், அதிலும் விடியலுக்கு முன்பே வந்துவிடும் விழிப்பு, அங்கேதான் மருத்துவர் நின்று கேட்க வேண்டும். பாடப் புத்தகத்தில் நான் படித்திருந்ததுதான். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது ஒன்பதாவது முறைதான் தெரிந்தது.

முதல் வரைவில் இந்தச் சம்பவம் இருந்தது. ஆனால் அதன் முடிவில், "அன்று நான் கேட்பதன் வலிமையை உணர்ந்தேன்" என்ற பொருளில் ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். மேடம் கேட்டது அதைத்தான். உணர்ந்ததாக யார் வேண்டுமானாலும் எழுதலாம், அதை வாசிக்கிறவரால் சரிபார்க்க முடியாது. மறுநாள் செய்ததைச் சரிபார்க்க முடியும்.

யோசித்துப் பார்த்தேன். மறுநாள் நான் செய்தது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. மேசையில் ஒரு நீளவாக்கு நோட்டு வைத்தேன். மூன்று முறைக்கு மேல் வந்தவர், பரிசோதனையில் ஒன்றும் கிடைக்காதவர் என்றால் பெயரை அதில் எழுதினேன். அவர்களை மட்டும் மாலை ஏழு மணிக்கு மேல், கூட்டம் குறைந்த பிறகு வரச் சொன்னேன். பி.எச்.க்யூ. ஒன்பது என்று ஒரு கேள்வித்தாள் உண்டு. கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் ஆர்வம் குறைந்தது, தூக்கம் கெட்டது, சோர்வு வந்தது, சாக நினைத்தது என ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை, மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் கவனித்து விசாரிக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆறு மாதத்தில் அந்த நோட்டில் 41 பெயர்கள் சேர்ந்தன.

கடிதத்தில் இது மூன்று வாக்கியங்களில் வந்தது. நோட்டு, ஏழு மணி, ஒன்பது கேள்வி. அதைப் படித்துவிட்டு மேடம் முதல் தடவையாகத் தலையாட்டினார்.

இதில் மொழியும் எனக்கு ஒரு தடையாக இருந்தது. ஆங்கிலம் தெரியாத தடை அல்ல. நான் செய்தேன் என்று சொல்வதற்குக் கூச்சப்படும் வளர்ப்பு. "ஒரு முறை ஏற்படுத்தப்பட்டது", "நோயாளிகள் விசாரிக்கப்பட்டனர்" என்று ஆளில்லாமல் எழுதியிருந்தேன், அல்லது நாங்கள் என்று பன்மையில் ஒளிந்துகொண்டேன். கிளினிக்கில் இருந்தது நானும் ஒரு நர்ஸும்தான். நம் ஊரில் இது அடக்கம். இங்கே வாசிக்கிறவருக்கு, இவர் செய்தாரா, பக்கத்தில் நின்றாரா என்ற சந்தேகம். நான் செய்ததை நான் என்றும், நர்ஸ் செய்ததை நர்ஸ் என்றும் பிரித்து எழுதிய பிறகு பெருமை பேசியதாகவும் தோன்றவில்லை, பூசி மெழுகியதாகவும் தோன்றவில்லை.

அடுத்த கேள்வி இன்னும் கடினமானது. பொது மருத்துவராக இருந்துகொண்டே 41 பேரைப் பார்க்க முடிந்தது என்றால், அப்படியே தொடர வேண்டியதுதானே? நான்கு ஆண்டுகள் பயிற்சி எதற்கு? துறை மாறுகிற ஒவ்வொருவரின் கடிதத்திலும் இந்தக் கேள்வி எழுதப்படாமல் நிற்கிறது. பற்று, ஈடுபாடு என்று பதில் சொன்னால் போதாது. என்னால் எங்கே முடியாமல் போனது என்று சொல்ல வேண்டும்.

முடியாமல் போன இடம் எனக்கு நன்றாகவே தெரியும். அந்த நோட்டில் பதினெட்டாவது பெயர் ஓர் இளைஞர். சோர்வு, அழுகை, வேலைக்குப் போக மனமில்லை. கேள்வித்தாளில் 17 வந்தது. மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராம் மாத்திரை 10 மில்லிகிராம் தொடங்கினேன். மூன்று வாரம் கழித்து அவருடைய அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். மூன்று இரவுகளாகப் பையன் தூங்கவில்லை. ஓயாமல் பேசுகிறான். கடன் வாங்கி ஒரு புது பைக் எடுத்துவிட்டான். அவர் என் முன்னால் உட்காரவே இல்லை, சிரித்துக்கொண்டே நடந்தார்.

அவருக்கு இருந்தது மனச்சோர்வு மட்டும் இல்லை. ஒரு பக்கம் சோர்வும் இன்னொரு பக்கம் அளவு கடந்த எழுச்சியுமாக மாறி மாறி வரும் இருதுருவ நோய். அப்படிப்பட்டவருக்குத் தனியே மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் எழுச்சிப் பக்கம் தூக்கிவிடக்கூடும். கொடுக்கும் முன்பு நான் ஒன்று கேட்டிருக்க வேண்டும்: "முன்னால் எப்போதாவது, நாலைந்து நாள் தூக்கமே இல்லாமல், ஆனால் களைப்பும் இல்லாமல் இருந்தது உண்டா?" தூங்க முடியாமல் களைத்துப் போகிறவர் வேறு, தூக்கமே வேண்டாம் என்று துள்ளுகிறவர் வேறு. நான் எல்லோரிடமும் தூக்கத்தைப் பற்றிக் கேட்டேன், களைப்பைப் பற்றிக் கேட்கவில்லை. பின்னால் வீட்டாரிடம் விசாரித்தபோது, கல்லூரியில் படிக்கும்போது அப்படி ஒரு வாரம் இருந்தது என்றார்கள். அன்றே மாத்திரையை நிறுத்தி, என் காரிலேயே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனேன். அங்கே சேர்த்துச் சிகிச்சை கொடுத்தார்கள், தேறினார்.

இதைக் கடிதத்தில் எழுதலாமா என்று நாள்கணக்கில் யோசித்தேன். வேலை கேட்கும் தாளில் தன் தவறை எழுதுவது தற்கொலை மாதிரி என்றார் ஒரு நண்பர். மேடம் எழுது என்றார், ஒரு நிபந்தனையோடு: "தப்பை ஒரு வரியில் சொல்லு. அதுக்கப்புறம் நீ மாத்திக்கிட்டதை ரெண்டு வரியில் சொல்லு. மன்னிப்புக் கேட்காதே, அவங்க நீதிபதி இல்லை." அப்படியே எழுதினேன். ஒரு கேள்வியைக் கேட்காமல் மருந்து கொடுத்தேன், நோயாளி எழுச்சி நிலைக்குப் போனார். அதிலிருந்து, மருந்து எழுதும் முன்பு வீட்டில் இருந்து ஒருவரையாவது கேட்காமல் விட்டதில்லை. என் கேள்வித்தாளால் முடிந்தது கண்டுபிடிப்பது வரைதான், அதற்கு மேல் எனக்குப் பயிற்சி இல்லை. அந்தப் பயிற்சிக்காகத்தான் விண்ணப்பிக்கிறேன். மாறுவதற்கான காரணம் அந்த இடத்தில் தானாக நின்றது. அதற்குப் பிறகு பற்று என்ற சொல்லை நான் எங்கும் பயன்படுத்த வேண்டியிருக்கவில்லை.

தவறை எழுதுவதில் ஓர் எல்லையும் உண்டு. அந்த வரி படிக்கிறவருக்கு இவர் கற்றுக்கொள்கிறார் என்று காட்ட வேண்டும், இவரிடம் நோயாளியை விடலாமா என்ற அச்சத்தைக் கிளப்பக் கூடாது. தவறு நடந்ததும் என்ன செய்தேன், எவ்வளவு சீக்கிரம் செய்தேன் என்பது அதே மூச்சில் வர வேண்டும். நோயாளியின் வயது, ஊர், தேதி, தொழில் எதுவும் வரக் கூடாது. என் கடிதத்தில் அவர் ஓர் இளைஞர், அவ்வளவுதான்.

துறை மாறுகிறவர் சொல்ல வேண்டிய இன்னொன்று, போகப் போகிற இடத்தை உள்ளே போய்ப் பார்த்தேனா என்பது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாத் துறையும் அழகு. இரண்டு மாதம் ஒரு மருத்துவமனையில் ஆப்சர்வர்ஷிப் செய்தேன். பக்கத்தில் நின்று பார்க்கலாம், நோயாளிக்குக் கை வைக்கக் கூடாது, மருந்துச் சீட்டு எழுதக் கூடாது. பார்த்ததில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒரு பொது மருத்துவ கிளினிக். அங்கே மனநல மருத்துவர் வாரம் ஒருமுறை வந்து, பொது மருத்துவரோடும் நர்ஸோடும் உட்கார்ந்து நோயாளிகளின் பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். கேள்வித்தாள் மதிப்பெண் குறையாதவர்களைப் பற்றித்தான் அதிக நேரம் பேசுகிறார்கள். இங்கே இதற்குக் கூட்டுச் சிகிச்சை என்று பொருள்படும் ஒரு பெயர் இருக்கிறது, 2002லேயே பெரிய ஆய்வு ஒன்றில் பலன் தெரிந்த முறை. நான் பார்த்தது என் நீளவாக்கு நோட்டைத்தான், ஆனால் பக்கத்தில் கேட்பதற்கு ஒருவர் இருந்தார். கடிதத்தின் நான்காம் பத்தி அப்படித்தான் வந்தது. இந்த மாதிரி கிளினிக்கில் அந்த இரண்டாவது நாற்காலியில் உட்கார விரும்புகிறேன் என்று எழுதினேன்.

இடைவெளியைப் பற்றி நீளமாக எழுதிக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். 2021இலிருந்து 2023 வரை நான் நோயாளிகளைப் பார்க்கவில்லை. குடும்பத்தோடு இடம்பெயர்ந்தேன், தேர்வுகளை எழுதினேன், ஆப்சர்வர்ஷிப் செய்தேன். ஒரே வாக்கியம், விளக்கம் இல்லை, வருத்தம் இல்லை. அனுபவப் பட்டியலில் இருப்பதை மறுபடி கடிதத்தில் சொல்லவும் இல்லை. அந்தப் பட்டியலில் பத்து அனுபவங்கள் வரை போட இடம் இருக்கிறது, அது அதற்கான இடம்.

பரிந்துரைக் கடிதங்களை நாம் பார்க்க முடியாது, பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதுதான் வழக்கம். ஆனால் யாரிடம் கேட்பது என்பது நம் கையில் இருக்கிறது. ஆப்சர்வர்ஷிப்பில் என்னைக் கவனித்த இரண்டு மனநல மருத்துவர்களிடம் கேட்டேன். மூன்றாவதாக, அந்த இளைஞரை நான் அழைத்துப் போன மனநலப் பிரிவில் இருந்த மருத்துவரிடம் கேட்டேன். நான்கு ஆண்டுகளாக என் நோயாளிகளைப் பார்த்தவர் அவர். நான் அனுப்பும் சீட்டில் நோயாளியைப் பற்றி என்ன எழுதுவேன், என்ன கேட்டு அனுப்புவேன் என்பது அவருக்குத் தெரியும். என் கடிதத்தில் நான் என்னைப் பற்றிச் சொன்னதை வெளியிலிருந்து ஒருவர் சொல்ல முடியும் என்றால், அது அவர்தான்.

இணையதளத்தில் ஏற்றும்போது நடந்த இரண்டு விஷயங்கள். வேர்டில் எழுதியதை அப்படியே ஒட்டினேன். மேற்கோள் குறிகள் இருந்த இடத்தில் எல்லாம் புரியாத குறிகள் வந்தன. அது எளிய எழுத்தை மட்டுமே ஏற்கும் பெட்டி. நோட்பேடில் ஒட்டி, குறிகளைத் திருத்தி, மறுபடி ஏற்றி, அச்சு வடிவத்தைத் திறந்து பார்த்தேன். அடுத்தது, ஒருவர் எத்தனை கடிதம் வேண்டுமானாலும் வைத்துக்கொண்டு, எந்தத் திட்டத்துக்கு எது என்று ஒதுக்கலாம். பொது மருத்துவ கிளினிக்கோடு இணைந்து வேலை செய்யும் சில திட்டங்களுக்கு மட்டும் கடைசிப் பத்தியை மாற்றி எழுதியிருந்தேன். ஒதுக்கும்போது ஒரு திட்டத்துக்கு இன்னொன்றின் பெயர் இருந்த கடிதம் போயிருந்தது. அனுப்புவதற்கு முந்தைய இரவு என் கணவர்தான் கண்டுபிடித்தார். அதிலிருந்து கடிதத்துக்குள் எந்த மருத்துவமனையின் பெயரையும் எழுதவில்லை. அங்கே என்ன வேலை நடக்கிறது என்பதை எழுதினேன், பெயர் இல்லாமலே அவர்களுக்குப் புரியும்.

நான்கு இடங்களிலிருந்து நேர்காணல் அழைப்பு வந்தது. எல்லாம் வீடியோவில். கடிதத்தில் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் கேள்வி வரும் என்று மேடம் சொல்லியிருந்தார், வந்தது. ஒருவர் நோட்டில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டார். ஒருவர் அந்த இளைஞரைப் பற்றிக் கேட்டு, இப்போது அதே நோயாளி வந்தால் எந்த வரிசையில் கேட்பேன் என்று சொல்லச் சொன்னார். அதற்கு நான் தயாராக இருந்தேன், ஏனென்றால் ஊரில் இருந்தவரை அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

நான்காவது நேர்காணலில், பேசி முடிக்கும் நேரத்தில், திட்ட இயக்குநர் என் பக்கத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். "நீங்கள் இங்கே வந்துவிட்டீர்கள். அந்த 41 பேரை இப்போது யார் பார்க்கிறார்கள்?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை என் ஐந்து வார வரைவுகளில் எதிலும் நான் எழுதியிருக்கவில்லை. இருப்பதைச் சொன்னேன். கிளினிக்கை எடுத்துக்கொண்டது என்னைவிட 12 வயது இளைய ஒரு டாக்டர். நோட்டை அவரிடம் கொடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மருந்து, தொடங்கிய தேதி, வீட்டில் யாரிடம் பேச வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டு வந்தேன். ஒன்பது பேர் அவரிடம் வருவதை நிறுத்திவிட்டார்கள். பட்டுப்புழு வீட்டு அம்மா வருகிறார். அந்த டாக்டர் ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் நேரம் இரவு எட்டு மணிக்கு என்னைக் கூப்பிடுவார், ஒவ்வொரு பெயராகப் பேசுவோம்.

இயக்குநர் ஏதோ குறித்துக்கொண்டார். இந்த ஞாயிறும் கூப்பிட்டார். புழு கடைசிப் பருவத்தில் இருக்கிறதாம், அந்த அம்மா தூங்கவில்லையாம். கூடு விற்றதும் மறுபடி கேளுங்கள் என்றேன்.